பத்திக்குக் கீழே நாலு வரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாளிதழ் ஒன்றின் இணைப்பிதழில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். வாரப் பத்தி எழுத வருகிறவர்கள் கட்டுரையைக்கூட ஒரே மூச்சில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அதன் கீழே சாய்வெழுத்தில் வரும் அந்த நாலு வரிதான் அவர்களைப் படுத்துகிறது. போனிலும் மெயிலிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

“உங்களைப் பற்றி நாலு வரி அனுப்புங்கள்” என்றார்கள். நாலு வரி என்றால் எத்தனை வார்த்தை?

இருபது வார்த்தை, மிஞ்சினால் இருபத்தைந்து. சிங்கிள் காலம் அகலத்தில் தமிழ் எழுத்து வரிக்கு மூன்று வார்த்தைக்கு மேல் பிடிக்காது. ‘பணிபுரிந்துகொண்டிருக்கிறார்’ மாதிரி ஒரு சொல் வந்தால் அதுவே ஒரு வரியைத் தின்றுவிடும். ஆகவே நாலு வரி என்று பேச்சுக்குச் சொன்னாலும் அச்சில் ஏழு வரி ஆகும். அந்த ஏழு வரிக்கான இடமும் கட்டுரைக்கு ஒதுக்கிய இடத்திலிருந்துதான் போகிறது.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. பக்கம் முடிக்கும் நேரத்தில் கடைசி நிமிடம் விளம்பரம் வந்துவிட்டால், வடிவமைப்பாளர் முதலில் கை வைப்பது கட்டுரையாளர் குறிப்பில்தான். அதையும் கீழிருந்து மேலாக வெட்டுவார். குறிப்பின் முதல் வாக்கியம் மட்டுமே மிஞ்சினால்கூட நீங்கள் யார் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். அப்படித் தெரியும்படி எழுதிவிட்டால் மற்றது எது போனாலும் நஷ்டமில்லை.

முப்பது வருட அனுபவத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது?

எங்கள் சனிக்கிழமைப் பக்கத்தில் மாடு வளர்ப்பு பற்றி எழுதும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரின் குறிப்பு எப்படி உருவானது என்று சொல்கிறேன். அவர் முதலில் அனுப்பியது இது:

> டாக்டர் ……., பி.வி.எஸ்சி., எம்.வி.எஸ்சி., கால்நடைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் வாய்ந்தவர். பல்வேறு பொறுப்புகளைத் திறம்பட வகித்த இவர், சிறந்த பேச்சாளர், எழுத்தாளர், சமூக ஆர்வலர், இயற்கை நேசர் எனப் பன்முகத் திறமை கொண்டவர். பல விருதுகளைப் பெற்றுள்ளார். இவரது நூல் விரைவில் வெளிவரவுள்ளது.

முப்பத்து நாலு வார்த்தை. படித்து முடித்த பிறகும் இந்த மனிதர் மாட்டைத் தொட்டிருக்கிறாரா என்பதே தெரியவில்லை. ‘பல்வேறு பொறுப்புகள்’ என்றால் சென்னையில் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்த்தவராகவும் இருக்கலாம். கட்டுரையோ மாட்டுக் கொட்டகையின் வாசம் அடிக்கும் கட்டுரை. சினை மாடு ராத்திரி படுத்து எழும் தினுசை வைத்தே கன்று மாறிக் கிடப்பதைச் சொல்லிவிடலாம் என்று எழுதியிருந்தார். அதை எழுதியவருக்கும் இந்தக் குறிப்புக்கும் ஒட்டவே இல்லை.

போன் போட்டேன். எந்த ஊரில், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். 1989இல் சேர்ந்தாராம், 2020இல் ஓய்வு. பெரும்பாலான வருடங்கள் காங்கயம், தாராபுரம் பக்கம் அரசு கால்நடை மருந்தகங்களில். “எத்தனை கன்னு இழுத்துப் போட்டிருப்பீங்க?” என்றேன். “அதெல்லாம் ஆருங்க எண்ணுனாங்க தம்பி” என்றார். ஆயிரக்கணக்கான பிரசவம் பார்த்தவர் என்று போடலாமா என்று எனக்கு ஒரு சபலம். அவரே எண்ணாததை நான் எப்படி எண்ணுவது? விட்டுவிட்டேன். இரண்டு வருட எண்ணும் இரண்டு ஊர்ப் பெயரும் அந்த வேலையைச் செய்துவிடும். காங்கயம் என்ற பெயரைக் கேட்டதும் வாசகருக்குக் காளைதான் ஞாபகம் வரும், விளக்கமே வேண்டாம்.

கடைசியாக, இப்போது வீட்டில் மாடு உண்டா என்று கேட்டேன். “அஞ்சு உருப்படி இருக்குதுங்க. ஊருக்கே வைத்தியம் சொன்னேன், இதுல ஒண்ணு எம் பேச்சைக் கேக்கோணுமே!” என்றார். அச்சில் போனது இது:

> கட்டுரையாளர், கால்நடை மருத்துவர். 1989 முதல் 2020 வரை காங்கயம், தாராபுரம் வட்டாரங்களில் அரசு கால்நடை மருந்தகங்களில் பணிபுரிந்தவர். வீட்டில் ஐந்து மாடுகள், ஒன்றும் இவர் பேச்சைக் கேட்பதில்லை.

இருபத்தொரு வார்த்தை. முதல் வாக்கியம் இன்னார் என்கிறது. இரண்டாவது வாக்கியம் இதைச் சொல்ல இவருக்கு என்ன தகுதி என்கிற கேள்விக்குப் பதில். மூன்றாவது வாக்கியம் ஆளைக் காட்டுகிறது. வெட்டு விழுந்தால் மூன்றாவது போகும், அப்புறம் இரண்டாவது. முதலாவது தனியாக நின்றாலும் பழுதில்லை.

“முப்பது ஆண்டு அனுபவம்” என்று போட்டால் என்ன தப்பு?

அது கெட்டுப்போகும் சரக்கு. வாரப் பத்தி இரண்டு மூன்று வருடம் ஓடலாம். முப்பது முப்பத்து மூன்றாகும்போது யாரும் போய்த் திருத்த மாட்டார்கள். ‘1989 முதல்’ என்று எழுதிவிட்டால் கணக்கை வாசகர் போட்டுக்கொள்வார். ‘தற்போது’, ‘சமீபத்தில்’, ‘விரைவில் வெளிவரவுள்ளது’ எல்லாமே இந்த ரகம்தான். விரைவில் வெளிவரவிருந்த நாவல் ஒன்று எங்கள் பக்கத்தில் ஒன்றரை வருடம் வெளிவந்துகொண்டே இருந்தது.

பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாமா, முனைவர் போடலாமா?

மருத்துவருக்கு டாக்டர் என்றோ மருத்துவர் என்றோ போடலாம். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவருக்கு முனைவர். உடல்நலப் பத்தியில் இதை மாற்றிப் போடுவது வெறும் எழுத்துப் பிழையாக நிற்காது. பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் சர்க்கரை நோய் பற்றி எழுதி, மேலே டாக்டர் என்று போட்டுக்கொண்டால், வாசகர் மாத்திரையை நிறுத்தினாலும் நிறுத்துவார். கௌரவப் பட்டம் எதையும் பெயருக்கு முன்னால் போடுவதில்லை என்பது எங்கள் மேசையின் வழக்கம். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டதும் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசி தன் தளத்திலேயே வெளியிடுகிறது, தேட இரண்டு நிமிடம் போதும்.

பெயருக்குப் பின்னால் பட்ட எழுத்துகளை வரிசையாக அடுக்குவது விசிட்டிங் கார்டுக்குப் பொருத்தம். பத்தி அந்தப் படிப்பைச் சார்ந்ததாக இருந்தால் ஒரே ஒரு பட்டத்தை வாக்கியத்துக்குள் சொல்லலாம். சமையல் பத்தி எழுதுகிறவரின் எம்.காம். அங்கே எதற்கு?

விருது வாங்கியிருக்கிறேன். அதையும் சொல்லக் கூடாதா?

தாராளமாகச் சொல்லலாம். எந்த விருது, எந்த ஆண்டு, எதற்காக என்ற மூன்றும் சேர்ந்து வர வேண்டும். ‘பல விருதுகள்’ என்று எழுதினால் ஒன்றுகூடச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார்.

அதிகம் சறுக்குவது சாகித்ய அகாதமி விஷயத்தில். முதன்மை விருது ஒன்று. 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான யுவ புரஸ்கார் இன்னொன்று. சிறார் இலக்கியத்துக்கு பால சாகித்ய புரஸ்கார், மொழிபெயர்ப்புக்கென்று வேறொன்று. நான்கையும் அதே நிறுவனம்தான் தருகிறது. யுவ புரஸ்கார் வாங்கியவர் ‘சாகித்ய அகாதமி விருதாளர்’ என்று குறிப்பு எழுதி அனுப்புவார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது, முழு உண்மையும் இல்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் யாராவது ஒரு வாசகர் போன் செய்துவிடுவார், அவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தமிழாசிரியராக இருப்பார். விருதின் சரியான பெயரைப் போட்டாலே போதும். அதுவும் சின்ன விருது ஒன்றும் இல்லையே.

பத்ம விருதில் இருப்பது சட்டப் பிரச்சினை. பத்மஸ்ரீ, பத்மபூஷண் போன்றவற்றைப் பட்டம்போலப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பாலாஜி ராகவன் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மீறினால் விருதையே இழக்க நேரிடலாம். ‘இன்ன ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர்’ என்று தகவலாகச் சொல்வதில் தடை ஒன்றும் இல்லை. மேடையில் அறிவிப்பாளர் எப்படி வேண்டுமானாலும் முழங்கட்டும், அச்சில் வருவதற்கு நாங்கள் பொறுப்பு.

எழுத்தாளர், சிந்தனையாளர், சமூக ஆர்வலர்: இதில் எது பொருத்தம்?

பத்தி எழுதுகிறவர் எழுத்தாளர் என்பது தெரிந்ததே. சிந்தனையாளரா இல்லையா என்பதைக் கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர் சொல்லட்டும். சமூக ஆர்வலர் என்றால் என்ன செய்கிறீர்கள்? ஏரி தூர்வாருகிறீர்களா, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுகிறீர்களா, ரத்த தான முகாம் நடத்துகிறீர்களா? அந்தச் செயலை எழுதுங்கள். ‘ஊர் ஏரி பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வருகிறவர்’ என்ற வரியைப் படித்தவர் உங்களைச் சீக்கிரம் மறக்க மாட்டார்.

கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டும் என்கிறார் ஆசிரியர். எனக்கு ஜோக் வராதே?

ஜோக்கே வேண்டாம். மேலே சொன்ன கால்நடை மருத்துவர் ஜோக் அடிக்கவில்லை. தன் வீட்டு நிலவரத்தைச் சொன்னார், அவ்வளவுதான். குறிப்பில் எடுபடும் கலகலப்பு எல்லாமே இப்படித்தான் வந்திருக்கிறது: நிஜமான சின்னத் தகவல், பத்தியின் விஷயத்தோடு சம்பந்தம் உள்ளது, இடி விழுவது தன் தலையில்.

தன் தலையில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வாசகர் அறுநூறு வார்த்தை உங்கள் அறிவுரையைக் கேட்டுவிட்டுக் கீழே வருகிறார். ‘இவ்வளவு சொல்கிறாரே, இவர் யார்’ என்ற லேசான எரிச்சல் அவருக்கு இருக்கும். தகுதியைச் சொன்னதும் அது பாதி அடங்கும். உங்கள் பாடும் எல்லார் பாடும் ஒன்றுதான் என்று தெரிந்தால் மீதியும் அடங்கிவிடும். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மாடு பேச்சுக் கேட்பதில்லை என்பதை முதலில் வைத்தால், பேச்சுக் கேட்காத மாட்டை வைத்துக்கொண்டு எனக்கு என்ன வைத்தியம் சொல்கிறார் என்றாகிவிடும். முப்பத்தொரு வருட உத்தியோகம் முன்னால் நின்றால்தான் பின்னால் வருவது சிரிப்பு.

எடுபடாதவை எவை என்று கேட்டால், ‘காபிப் பிரியர்’, ‘புத்தகப் புழு’, ‘பயணக் காதலர்’ என்று வரும் வகையறா. இவை ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தும். சிலேடையும் நீடிக்காது. பல் மருத்துவர் ஒருவர் ‘சொல்லுக்கும் பல்லுக்கும் சொந்தக்காரர்’ என்று எழுதி அனுப்பினார். முதல் வாரம் நானே சிரித்தேன். மூன்றாவது வாரம் பக்கத்தைப் புரூஃப் பார்க்கும்போது எனக்கே பல் கூசியது. வாராவாரம் அதே இடத்தில் வரும் வரி அது, பட்டாசு இரண்டாம் முறை வெடிக்காது. தகவல் அப்படி இல்லை, பக்கத்து வீட்டு நாய்போலப் பழகிவிடும்.

எல்லா வாரமும் கலகலப்பு பொருந்தாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாடுகளுக்குத் தோல் கழலை நோய் பரவிய சமயம். கறவையைப் பறிகொடுத்த வீடுகளைப் பற்றி அந்த வாரம் அவர் எழுதியிருந்தார். கீழே வழக்கமான வரி. பக்கம் அச்சுக்குப் போக இருபது நிமிடம் இருந்தபோது அது என் கண்ணில் பட்டது. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு இரண்டு வாக்கியத்தோடு அனுப்பினேன். நாங்கள் மறந்தாலும் கட்டுரையாளர் நினைவூட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

ஒரு கம்பெனிக்கு ஆலோசகராக இருக்கிறேன். அது என் சொந்த விஷயம்தானே?

அந்தக் கம்பெனி விற்கும் பொருள் உங்கள் பத்தியின் எல்லைக்குள் வந்தால் அது வாசகரின் விஷயமும் ஆகிவிடுகிறது. நம்ம கால்நடை மருத்துவர் ஓய்வுக்குப் பிறகு ஒரு தீவன நிறுவனத்துக்கு மாதம் இரண்டு நாள் ஆலோசனை சொல்லப் போய்வந்தார். முதல் போன் பேச்சில் அதைச் சொல்லவில்லை. மறைக்கும் எண்ணம் இல்லை, அது ஒரு விஷயமாகவே அவருக்குப் படவில்லை. ஏழாவது வாரம் கலப்புத் தீவனம் பற்றிய கட்டுரை வந்தது. கட்டுரையில் எந்த நிறுவனத்தின் பெயரும் கிடையாது. ஆனாலும் வீட்டில் அரைக்கும் தீவனத்தைவிட ஆலைத் தீவனம் சிக்கனம் என்று முடிகிறது. எனக்கு உறுத்தியது, கேட்டேன். “ஆமாங்க, போயிட்டுத்தான் இருக்கறன். அதுல என்னங்க?” என்றார்.

அந்த வாரக் குறிப்பில் நிறுவனத்தின் பெயரோடு ‘ஆலோசகராக உள்ளார்’ என்று ஒரு வாக்கியம் சேர்ந்தது. மாட்டு வாக்கியம் அந்த வாரம் வெளியே போனது, இரண்டுக்கும் இடமில்லை. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் கட்டுரைக்கு வந்த கடிதங்கள் தீவனத்தைப் பற்றியே பேசின, அவர் நோக்கத்தை யாரும் கிளறவில்லை. இதையே மூன்றாம் மனிதர் கண்டுபிடித்து எழுதியிருந்தால், அதுவரை வந்த ஏழு வாரக் கட்டுரையையும் வாசகர் சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்திருப்பார்.

எல்லா வாரமும் போட வேண்டுமா என்று அடுத்து கேட்பார்கள். கோமாரித் தடுப்பூசி பற்றிய கட்டுரைக்கு அது தேவையில்லை. சம்பந்தம் வரும் வாரம் கட்டாயம். சம்பந்தம் உண்டா என்று சந்தேகமாக இருந்தால் போட்டுவிடுவதே நல்லது.

கிளினிக் பெயரும் செல் நம்பரும் போட்டால் வாசகர்களுக்கு உதவியாக இருக்குமே?

மருத்துவராக இருந்தால் உங்கள் பதிவுக்கே வினையாகலாம். நோயாளிகளைத் தன் பக்கம் இழுக்கும் விளம்பரம் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள் சொல்கின்றன. 2023இல் வந்த புதிய விதிகள் நிறுத்திவைக்கப்பட்டதால் பழையவைதான் நடப்பில் இருக்கின்றன. பொதுச் சுகாதாரம், ஆரோக்கிய வாழ்க்கை பற்றிச் சொந்தப் பெயரில் பத்திரிகைக்கு எழுத அந்த விதிகளே இடம் தருகின்றன. தன்னை விளம்பரப்படுத்தும் விதத்தில் எழுதுவதுதான் கூடாது. கட்டுரை முழுக்க ஒழுங்காக இருந்து, கீழே ‘முன்பதிவுக்கு’ என்று செல் நம்பர் வந்தால் மொத்தமும் விளம்பரமாகிப் போகும். ‘கட்டுரையாளர், மதுரையில் குழந்தைகள் நல மருத்துவர்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞர்களுக்கு இன்னும் கறார். இந்திய வழக்கறிஞர் கவுன்சில் விதி 36 வழக்குப் பிடிக்க விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. முன்னாள் நீதிபதி என்றோ, இன்ன வகை வழக்குகளில் நிபுணர் என்றோ பெயர்ப்பலகையிலும் கடிதத்தாளிலும்கூடக் குறிக்கக் கூடாது என்கிறது. பலகைக்கே அந்தக் கதி என்றால் லட்சம் பேர் பார்க்கும் பக்கத்தில் ‘சொத்து வழக்குகளில் வல்லவர்’ என்று போடுவது எதற்கு? ‘வழக்கறிஞர், சென்னை உயர் நீதிமன்றம்’ போதும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு வரி கூடுதலாகத் தேவைப்படும். ஊடகத்தில் பங்கேற்கும்போது சொல்வது தன் சொந்தக் கருத்து, அரசின் கருத்தல்ல என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்று 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் எட்டாவது விதி இருக்கிறது. ‘கட்டுரையில் உள்ளவை சொந்தக் கருத்துகள்’ என்று மூன்று நான்கு வார்த்தையில் முடித்துவிடலாம். இதை மட்டும் வடிவமைப்பாளர் வெட்டிவிடாதபடி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மாநில அரசு ஊழியர்கள் தங்கள் துறையின் நடத்தை விதிகளைப் பார்த்துவிட்டு எங்களிடம் வருவது நல்லது.

நானே எழுதும்போது “நான்” என்று எழுதுவதா, “இவர்” என்று எழுதுவதா? எனக்கு நானே மரியாதை கொடுத்துக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

நியாயமான கூச்சம்தான். தமிழில் மரியாதை வினைமுற்றிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறதே! ‘எழுதினார், சாதித்தார், வென்றார்’ என்று தன்னைப் பற்றித் தானே எழுதினால் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்கு முன்னால் தானே ‘திருவாளர்’ போட்டுக்கொண்டது மாதிரி ஆகிவிடும். வழி தமிழிலேயே இருக்கிறது, வினைமுற்றே இல்லாமல் வாக்கியத்தை முடிக்கலாம். ‘கட்டுரையாளர், கால்நடை மருத்துவர்.’ இதில் எந்த ‘ஆர்’ரும் உரத்துக் கேட்கவில்லை. ‘பணிபுரிந்தவர்’, ‘வசிப்பவர்’ என்ற வடிவமும் அடக்கமாக நிற்கும். கால்நடை மருத்துவர் ‘ஆவார்’ என்று எழுதினால் இரங்கல் செய்தி வாசனை வந்துவிடும். ‘நான்’ என்று எழுதுவது பத்தியே தன்மையில், வீட்டுப் பேச்சுபோல ஓடினால் மட்டும் பொருந்தும். எங்கள் பக்கத்தில் படர்க்கைதான் வழக்கம்.

புனைபெயரில் எழுதுகிறேன். குறிப்பில் என்ன போடுவது?

தொழிலை மட்டும் போடுங்கள், ஊரும் பதவியும் சேர்ந்தால் உங்களைக் கண்டுபிடிக்க ஒருநாள் போதும். புனைபெயருக்காக வாழ்க்கையையும் புனைந்துவிடக் கூடாது. ஆசிரியருக்கு மட்டும் உண்மைப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

மனைவி, பிள்ளைகள், வசிக்கும் ஊர் இதெல்லாம் சேர்த்தால் நெருக்கமாக இருக்காதா?

ஊரைச் சேர்க்கலாம். தெருவும் பகுதியும் வேண்டாம். குடும்பத்தைச் சேர்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு பத்தியாளரின் குறிப்பு ‘மனைவியுடனும் அவர் வளர்க்கும் நாற்பது தொட்டிச் செடிகளுடனும் வசிக்கிறார்’ என்று முடியும். அழகான வரி, நான்தான் திருத்திக் கொடுத்தேன். மார்ச் மாதம் அந்த அம்மா காலமானார். பத்தியாளர் இரண்டு வாரம் எழுதவில்லை. மூன்றாவது வாரம் கட்டுரை வந்தது, போட்டோம். குறிப்பு பக்கத்தின் அச்சுவார்ப்பிலேயே சேமித்து வைத்திருந்த துண்டு, யாரும் புதிதாகத் தட்டச்சு செய்வதில்லை. அதனால் யாருடைய கண்ணும் அதன்மேல் படுவதில்லை. ஜூன் வரை அந்த வரி வந்துகொண்டே இருந்தது. அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் அவருடைய மகள் போன் செய்தார். திட்டவில்லை, “அதை எடுத்துடுறீங்களா சார்” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு குறிப்புகளில் உயிரோடு இருக்கும் மனிதர்களை நான் சேர்ப்பதில்லை. கட்டுரையாளர் வற்புறுத்தினால் மட்டும் விதிவிலக்கு.

ஒருமுறை கொடுத்த குறிப்பை எப்போது மாற்றுவது?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே எல்லாருக்கும் அவரவர் குறிப்பை அனுப்பி, ‘இன்றைக்கும் இது சரிதானா?’ என்று கேட்கிறேன். மேலே சொன்ன சம்பவத்துக்குப் பிறகு வந்த பழக்கம். வேலை மாறியவர், கல்லூரியை விட்டவர், ஊர் மாறியவர் என்று ஒவ்வொரு முறையும் ஒருவராவது சிக்குகிறார். வேலையை விட்ட பிறகும் பழைய கல்லூரியின் பெயர் வந்துகொண்டிருந்தால், கல்லூரிக்காரர்கள் போன் செய்யும்போது பதில் சொல்ல முடியாது.

தகுதியைச் சொல்லும் வாக்கியங்களை மாற்றாதீர்கள், வாசகர் உங்களை அடையாளம் வைத்திருப்பது அவற்றால்தான். மாற்ற வேண்டுமானால் கடைசி வாக்கியத்தைத் தொடுங்கள், அதுவும் நிஜத்தில் ஏதாவது மாறியிருந்தால் மட்டும்.

கால்நடை மருத்துவருக்குத் தை மாதம் அப்படி அனுப்பியபோது, “ஒண்ணே ஒண்ணு மாத்தோணுமுங்க. அஞ்சுன்னு இருக்கறத ஆறுன்னு போட்டுருங்க, போன வாரம் கன்னு போட்டுருச்சு” என்றார். போட்டோம். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, கீழே சாய்வெழுத்தில் ‘ஐந்து’ இருந்த இடத்தில் ‘ஆறு’, அவ்வளவுதான். சனிக்கிழமை மதியத்துக்குள் நாலு போன் வந்தது. நாலு பேரும் கேட்டது ஒன்றையே: கிடாரியா, காளைக்கன்றா?